அக்டோபர் டியூஷன் கணக்கில் 2,000 ரூபாய் இடிக்கிறது

உறையூர் டீச்சர்
திருச்சியில் மூன்று வீடுகளுக்குப் போய் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மணிக்கு 400 ரூபாய், மாதக் கடைசியில் வாங்கிக்கொள்வேன். வாரத்துக்கு 9 மணி நேரம், நான்கு வாரத்துக்கு 36. அக்டோபர் 2025-இல் 8 மணி நேரம் ரத்தானது, ஒரு புது மாணவிக்கு 1 மணி நேரம் இலவச டெமோ. மீதி 27 மணி நேரத்துக்கு 10,800 வர வேண்டும். கையில் வந்திருப்பது 12,800. எந்த வீட்டிலாவது தெரியாமல் அதிகம் கொடுத்துவிட்டார்களா?

நொய்யல்
யாரோ ஒரு வீட்டில் ரத்தான வகுப்புக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் மேடம். 2,000 என்றால் சரியாக 5 மணி நேரம். ரத்தான 8-இல் 5 மணி நேரத்துக்குப் பணம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் நான் மணிக்கணக்கை விட்டு மாதச் சம்பளத்துக்கு மாறினேன். நீங்களும் 36 மணி நேரத்துக்கு 14,400 என்று மூன்று வீட்டுக்கும் பிரித்துச் சொல்லிவிடுங்கள். ரத்தானாலும் வரும்.

இரு பிள்ளைகளின் அம்மா
எடுக்காத வகுப்புக்கு ஏன் பணம் கேட்கிறீர்கள்? போன வருடம் என் மகனுக்கு டெங்கு வந்து பத்து நாள் படுத்திருந்தான். டியூஷன் சார் அந்தப் பத்து நாளுக்கும் சேர்த்து முழு மாதப் பணத்தை வாங்கிக்கொண்டார். விட்டுப்போன பாடத்தைத் திரும்ப எடுங்கள் என்று கேட்டேன், நேரம் இல்லை என்றார். ஆஸ்பத்திரிச் செலவோடு அதையும் கட்டினோம். பெற்றோர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள் டீச்சர்.

வைகைக்கரை
அம்மா, டீச்சர் கேட்டது வேறு. அவர் கேட்காமலேயே பணம் கூடுதலாக வந்திருக்கிறது, திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்று பயப்படுகிறார். உங்கள் மகன் விஷயத்தில் அந்தச் சார் செய்தது எனக்கும் சரியாகப் படவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

டீச்சர், நான் மதுரையில் 18 வருடமாக இயற்பியல் எடுக்கிறேன். மொத்தத்தை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை, எந்தத் தேதி போகவில்லை, எவ்வளவு வந்தது, மூன்றையும் வீடு வீடாக எழுதுங்கள். ரத்தான வகுப்பில் எதையாவது வேறு நாளில் எடுத்துக் கொடுத்தீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

உறையூர் டீச்சர்
நன்றி சார். என் நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

பிளஸ் டூ பையன்: திங்கள், புதன், வெள்ளி ஒவ்வொரு மணி நேரம். 1-ஆம் தேதி ஆயுத பூஜை, 20-ஆம் தேதி தீபாவளி, இரண்டு நாளும் இல்லை. வந்தது 4,800.

தில்லைநகர் பத்தாம் வகுப்புப் பெண்: செவ்வாய், வியாழன் ஒவ்வொரு மணி நேரம். 2-ஆம் தேதி விஜயதசமி, வகுப்பு இல்லை. அதை 11-ஆம் தேதி காலையில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். 16-ஆம் தேதி நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. கால் மணி நேரம் வாசலிலேயே நின்றேன். போன் செய்தால், தீபாவளித் துணி எடுக்க என்.எஸ்.பி. ரோட்டில் இருக்கிறோம், சொல்ல மறந்துவிட்டோம் என்றார்கள். வந்தது 3,200.

ஒன்பதாம் வகுப்பு அண்ணன் தங்கை: சனி, ஞாயிறு இரண்டிரண்டு மணி நேரம், இருவரும் ஒன்றாக உட்காருவார்கள். 18, 19 தேதிகளில் ஊருக்குப் போய்விட்டார்கள். வந்தது 4,800.

வைகைக்கரை
யாரும் ஒரு ரூபாய்கூட அதிகம் தரவில்லை டீச்சர். நிம்மதியாக இருங்கள்.

நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். அந்த அக்டோபர் புதன்கிழமையில் தொடங்கி 31 நாள் ஓடியது. அதனால் புதன், வியாழன், வெள்ளி மூன்றும் ஐந்து முறை வந்தன. பிளஸ் டூ பையனுக்கு 12 வகுப்பு இல்லை, 14. இரண்டு போனால் 12, அதுதான் 4,800. தில்லைநகரில் 8 இல்லை, 9. இரண்டு போய் ஒன்று திரும்ப எடுத்ததால் 8, அதுதான் 3,200. சனி ஞாயிறு நான்கு முறைதான் வந்தது, 16 மணி நேரம். நான்கு போனால் 12, அங்கேயும் 4,800.

ஆக நீங்கள் 36 என்று தொடங்கியதே தவறு. அந்த மாதத்தில் இருந்தது 39. அங்கே 3 மணி நேரம் விட்டுப்போனது. 11-ஆம் தேதி எடுத்துக் கொடுத்ததைக் கூட்டவில்லை, அது 1. இன்னொரு 1, டெமோ. அந்த மாணவி உங்கள் 36-க்குள்ளும் இல்லை, 39-க்குள்ளும் இல்லை. கணக்கில் சேர்க்காத மணி நேரத்தை எப்படிக் கழிக்க முடியும்? மூன்றும் ஒன்றும் ஒன்றும் ஐந்து, 2,000 ரூபாய்.

உறையூர் டீச்சர்
சார், இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. கணக்கு டீச்சராக இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ரொம்ப நன்றி.

நொய்யல்
கிழமைக் கணக்கு நான் யோசிக்காதது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டெமோவைக் கழிக்கக் கூடாது என்பதை ஏற்க முடியவில்லை. மேடம் வண்டியில் போய், ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த 400 நஷ்டம் இல்லையா?

வைகைக்கரை
உழைப்பு உண்மைதான் தம்பி. அது வரவில் கழியாது, மணியில் கூடும். 12,800-ஐ அப்படியே வைத்துவிட்டு, அதற்காக எத்தனை மணி நேரம் கொடுத்தோம் என்ற பக்கத்தில் டெமோவை எழுத வேண்டும். டீச்சர், ஒரு வீட்டுக்குப் போய் வர எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் ஆகிறது?

உறையூர் டீச்சர்
டெமோ வீடு உட்பட எல்லாமே சுமார் 8 கிலோமீட்டர்தான் சார், போக வர சேர்த்து. சிக்னல், நெரிசல் எல்லாம் சேர்த்தால் 40 நிமிடம்.

வைகைக்கரை
அப்படியென்றால் பையன் வீட்டுக்கு 12 தடவை, தில்லைநகருக்கு 8 தடவை, அண்ணன் தங்கை வீட்டுக்கு 6 தடவை போயிருக்கிறீர்கள். பூட்டியிருந்த வீட்டுக்கு ஒன்று, டெமோவுக்கு ஒன்று. மொத்தம் 28 தடவை. ஒரு தடவைக்கு 40 நிமிடம் என்றால் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் வண்டியிலேயே போகிறது. பாடம் எடுத்தது 32, டெமோ 1, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 52 மணி நேரம். 224 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 500 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் 12,300. மணிக்கு 236 ரூபாய் சொச்சம்தான் நிற்கிறது.

இதில் டெமோவின் பங்கு மிகவும் குறைவு என்பதைக் கவனியுங்கள். ஒரு பாடத்துக்கு ஒரு பயணம் என்பதுதான் உங்களை அரிக்கிறது. அண்ணன் தங்கை வீட்டில் அதே 40 நிமிடத்துக்கு 800 கிடைக்கிறது. பையனையும் தில்லைநகர்ப் பெண்ணையும் வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரமாக உட்கார வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கவனம் நிற்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நொய்யல்
சரி சார். மாதச் சம்பளம் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. 14,400 என்று நிலையாக வந்திருந்தால் மேடம் இந்த மாதம் 1,600 கூடுதலாகப் பார்த்திருப்பார்.

வைகைக்கரை
நிலையான வருமானம் என்பதில் நீங்கள் சொல்வது நியாயம். வாடகையும் கடன் தவணையும் மாதம் தவறாமல் வருகிறது, டியூஷன் பணம் மட்டும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சுருங்கினால் கஷ்டம்தான். ஆனால் 36-ஐ வைத்து விலை சொல்லாதீர்கள். வாரம் 9 மணி என்றால் 52 வாரத்துக்கு 468. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 39. நான்கு வாரம் என்று கணக்குப் போட்டால் வருடத்தில் 36 மணி நேரம் இலவசமாகப் போகும், அதாவது 14,400 ரூபாய்.

இன்னொன்று. மாதப் பணம் கட்டும் வீட்டில், விட்டுப்போன ஒவ்வொரு வகுப்பையும் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். மேலே அந்த அம்மா கேட்டதும் அதைத்தான், அது அவர்கள் உரிமை. அப்போது அந்த 8 மணி நேரத்தையும் எங்கிருந்து கொண்டு வருவீர்கள்? ரத்து மறையாது தம்பி, பணத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் மாறும்.

இரு பிள்ளைகளின் அம்மா
டீச்சர், நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் அந்தப் பூட்டிய வீட்டு விஷயத்தில் நீங்கள் 400 கேட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காய்ச்சல் வேறு, துணிக்கடை வேறு. ஒரு போன் செய்திருக்கலாமே.

இரவு வகுப்பு
நான் இணையத்தில் மட்டும் எடுக்கிறேன். வகுப்புக்கு 6 மணி நேரம் முன்பு சொன்னால் வேறு நாள், சொல்லாவிட்டால் முழுப் பணம். சேரும்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன், சண்டை வந்ததே இல்லை. டெமோவும் அரை மணி நேரம்தான், அதற்கும் 100 ரூபாய் வாங்கி, சேர்ந்தால் முதல் மாதத்தில் கழித்துக்கொள்வேன். சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

வைகைக்கரை
முன்பே சொல்லிவிடுவது நல்ல பழக்கம். ஆனால் வீட்டுக்குப் போகும்போது டெமோவுக்குப் பணம் கேட்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைக்கு எங்கே இடறுகிறது என்று நானும் அன்றுதான் பார்க்கிறேன். சேர்க்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு வந்த வீடுகளும் உண்டு.

பூட்டிய வீட்டுக்குப் பாதிப் பணம் வாங்குவது என் வழக்கம். பண்டிகைக்கும் காய்ச்சலுக்கும் எதுவும் கிடையாது.

இரவு வகுப்பு
பாதி ஏன் சார்? அந்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, முழுதாகப் போய்விட்டது. அரை மணி நேரம் மட்டுமா வீணானது?

வைகைக்கரை
முழுதாகக் கேட்டால் பிள்ளையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை. மார்ச் பொதுத்தேர்வுக்கு முன் ஒரு பிள்ளை நடுவில் நின்றால் அதற்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.

நொய்யல்
ஆனால் சார், வருடத் தொடக்கத்தில் சொல்லாததை இப்போது நடுவில் எப்படிச் சொல்வது? என் மாணவர் வீட்டில் இப்படி ஒரு புது விதி சொன்னால் முகம் மாறிவிடும்.

உறையூர் டீச்சர்
எனக்கும் அந்தத் தயக்கம்தான் அண்ணா. தில்லைநகர் அம்மா நல்லவர், காபி கொடுக்காமல் அனுப்ப மாட்டார். 16-ஆம் தேதிக்கு எதுவும் கேட்கப் போவதில்லை. டெமோவுக்கு வந்த பெண் நவம்பர் 3-ஆம் தேதி சேருகிறாள். அந்த வீட்டில் மட்டும், அன்று காலைக்குள் சொல்லாவிட்டால் பாதிப் பணம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

நவம்பரை இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். சனியும் ஞாயிறும் ஐந்து முறை வருகின்றன. புதுப் பெண் இல்லாமலே 40 மணி நேரம். 2026 பிப்ரவரியில்தான் சரியாக 36 வருகிறது.