புதுப்பிப்பு: கசிந்த பதிவில் குறி மிஞ்சியதா?

“யாருடைய பிரதி கசிந்தாலும் தெரியும்படி ஆறு பேருக்கு ஆறு விதமாகக் குறி வைத்து அனுப்பிய ஒலிப்பதிவு கசிந்துவிட்டது. செயலி வழியாகச் சுருங்கி வந்த கோப்பில் அந்தக் குறி இருக்குமா?” என்று முன்பு கேட்டிருந்தேன்.

பாதி இருந்தது. 18 கிலோஹெர்ட்ஸில் வைத்த மெல்லிய தொனி சுத்தமாகப் போய்விட்டது. கசிந்த கோப்பின் மாதிரி விகிதம் 16 கிலோஹெர்ட்ஸ்தான், அதில் பாதியான 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே நிற்காது. ஆனால் 500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை பேச்சுக்கு அடியிலேயே பரப்பி வைத்த இரைச்சல் போன்ற குறி, பேச்சோடு சேர்ந்து ஓரளவு தப்பிவிட்டது.

ஒலியையே வைத்துப் பதிவை அடையாளம் காணும் ஒலிக் கைரேகை போதும் என்றவருக்கு: அது இதே பதிவுதான் என்று சொன்னது, சரி, ஆனால் ஆறு பிரதிக்கும் அதே கைரேகைதானே.

முதலில் ஆறு குறிகளையும் ஒப்பிட்டபோது ஒன்றுமே எழவில்லை, மனசு விட்டுப்போயிற்று. அப்புறம் “வேகத்தைப் பாருங்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார். கதவு சாத்தும் சத்தத்திலிருந்து இருமல் வரை மூலத்தில் 600 விநாடி, கசிந்ததில் 598.2. அந்த 0.3 சதவீதத்தை நீட்டியதும் நான்காவது பிரதியின் குறி மட்டும் தனியாக உயர்ந்து நின்றது.

ஸ்பீக்கரில் ஓடவிட்டு இன்னொரு போனில் பதிந்த தன் கோப்பைப் பற்றிக் கேட்டவருக்கு என்னிடம் பதில் இல்லை, அறை எதிரொலி சேர்ந்தால் கணக்கு வேறு.

நான்காவது பிரதி என்பது வரைதான் தெரியும். அந்தப் பிரதி இருந்த போனை யார் எடுத்தார்கள் என்பதைக் குறி சொல்லாது, அதனால் அந்தப் பிரதியைப் பெற்றவரைக் குற்றம் சாட்டாமல் முதலில் பேசப்போகிறேன்.