k∞ 0.46 தான் வருகிறது, எங்கே தப்பு? (இயற்கை யுரேனியம் + கிராஃபைட்)

கவின், கிளமெண்டி
வணக்கம். வியாழக்கிழமை டியூட்டோரியலுக்கு ஒரு கணக்கு. இயற்கை யுரேனியமும் கிராஃபைட்டும் சீராகக் கலந்த கலவை, ஒரு யுரேனிய அணுவுக்கு 400 கார்பன் அணு. நான்கு காரணிச் சூத்திரத்தில் போட்டேன்:

```
k∞ = η · f · p · ε
   = 1.34 × 0.85 × 0.40 × 1.00 ≈ 0.46
```

p-க்கு யுரேனியம்-238இன் ரெசொனன்ஸ் இன்டெக்ரலை 277 பார்ன் என்று அட்டவணையில் பார்த்து எடுத்தேன். ஆனால் 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் இதே இரண்டு பொருளை வைத்துத்தானே தொடர்வினையை ஓட்டினார்கள்? இரண்டு நாளாகத் தேடியும் தப்பு அகப்படவில்லை.

ஃபைசல்
p குறைவாக இருக்கிறதே, கிராஃபைட்டைக் கூட்டுங்கள். நியூட்ரான் சீக்கிரம் வேகம் குறைந்தால் 238-இடம் மாட்டாது. 1000 அணு வைத்துப் பாருங்கள், 1-ஐத் தாண்டும்.

தேன்மொழி
ஃபைசல் சொல்வதில் பாதி சரி. கிராஃபைட் கூடினால் p ஏறும். ஆனால் கிராஃபைட்டும் கொஞ்சம் நியூட்ரானை விழுங்கும், அதனால் f இறங்கும். 1000-க்குப் போட்டால் p 0.84, f 0.69, k∞ 0.78 தான். 200-க்குப் போட்டாலும் 0.78தான் வருகிறது. 400, 500 பக்கம்தான் உச்சம்.

கவின், உங்கள் தப்பு அந்த 277. யுரேனியம் மிக மிக நீர்த்துக் கிடக்கும்போதுதான் அந்த எண் செல்லும். உங்கள் கலவையில் யுரேனிய அணுக்கள் ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கின்றன. சுமார் 90 பார்ன் எடுங்கள். p 0.74 ஆகும், k∞ 0.84.

கவின்
நன்றி அக்கா, 0.84 வந்துவிட்டது. ஆனாலும் 1-க்குக் கீழேதான்! அப்புறம் சிகாகோவில் எப்படி ஓடியது?

தேன்மொழி
அவர்கள் கலக்கவில்லை. யுரேனியத்தைக் கட்டிகளாக, கிராஃபைட்டுக்கு நடுவே இடைவெளி விட்டு வைத்தார்கள். விடை முழுக்க அதில்தான் இருக்கிறது.

எரிபொருள் 100 மெது நியூட்ரான்களை விழுங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். சில பிளவு உண்டாக்காமலே வீணாகும். அதையும் கழித்து 134 வேக நியூட்ரான் பிறக்கிறது. அதுதான் η. கட்டி வைத்தாலும் கலந்தாலும் இது ஏறக்குறைய மாறாது. மாறுவது மற்ற மூன்றும்.

கட்டிக்குள் பிறந்த வேக நியூட்ரான் வெளியேறும் முன் பக்கத்து 238-இல் மோதி, ஒரு சில பிளவுகளைக் கூடுதலாக உண்டாக்கும். 134 என்பது 138 ஆகும். அதுதான் ε, சுமார் 1.03. கலவையில் அது கார்பனில் மோதி உடனே வேகம் இழப்பதால் இந்த லாபம் கிடைக்காது.

பெரிய லாபம் p-இல். 6.67 எலக்ட்ரான் வோல்ட் அருகே 238 நியூட்ரானை வெறியோடு பிடிக்கும். கட்டியாக இருந்தால் அந்த ஆற்றலோடு வரும் நியூட்ரானை வெளித்தோலே பிடித்துவிடும், உள்ளே இருக்கும் யுரேனியம் அதைப் பார்ப்பதே இல்லை. பெரும்பாலான நியூட்ரான்கள் கிராஃபைட்டில் இருக்கும்போதே அந்த ஆற்றலைக் கடந்து மெதுவாகித்தான் திரும்பி வரும். p சுமார் 0.88 ஆகும், 138-இல் 121 தப்பும்.

விலை f-இல் கொடுக்க வேண்டும். மெது நியூட்ரானும் கட்டியின் உள்ளே குறைவாகவே போகும், ஆக ஒரு யுரேனியத்துக்கு அதே 400 கார்பன் வைத்தால் f இறங்கும். ஆனால் p நன்றாக இருப்பதால் கிராஃபைட்டைக் குறைத்துக்கொள்ளலாம், f-ஐ 0.88 அளவுக்கு மீட்கலாம். 121-இல் 107 எரிபொருளுக்குள் போகும். 100-க்கு 107, k∞ 1.07.

உங்கள் கலவையில் 134, 134, 99, 84.

முருகையன், துவாஸ்
நான் கட்டுமானத் தளத்தில் மண் ஈரம் அளக்கும் நியூட்ரான் கருவி பிடிப்பவன். மண்ணில் தண்ணீர் இருந்தால் நியூட்ரான் சட்டென்று மெதுவாகிவிடும், அதை வைத்துத்தான் ஈரத்தையே எண்ணுகிறோம். தம்பி ஏன் கிராஃபைட்டை விட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை?

தேன்மொழி
மெதுவாக்குவதில் ஹைட்ரஜனை அடிக்க ஆளில்லை அண்ணே, உங்கள் கருவியில் அதுதான் வேலை. ஆனால் அது மெது நியூட்ரானை விழுங்கவும் செய்யும்: ஒரு அணுவுக்கு 0.33 பார்ன், கார்பனுக்கு 0.0035 பக்கம். f விழுந்துவிடும். சாதாரணத் தண்ணீரும் இயற்கை யுரேனியமும் கட்டி வைத்தாலும் 1-ஐத் தொடாது. யுரேனியத்தைச் செறிவூட்ட வேண்டும். கனநீர் என்றால் ஓடும்.

ஃபைசல்
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் k∞ 1.07 என்றால் சிகாகோ அடுக்கு எகிறியிருக்காதா?

தேன்மொழி
∞ என்பது எல்லையே இல்லாத அடுக்கு. உண்மை அடுக்கில் ஓரங்கள் வழியாக நியூட்ரான் கசியும், கிராஃபைட்டில் துளி போரான் இருந்தாலும் f குறையும். அன்று அவர்கள் எட்டியது 1.0006 தான்.

கவின்
கட்டி அமைப்புக்கு f-ஐ நானே போட்டுப் பார்த்தேன், 0.91 வருகிறது. உங்களுக்கு 0.88. கட்டிக்குள் மெது நியூட்ரான் எவ்வளவு குறைகிறது என்பதை நான் சேர்க்கவில்லை, அதனாலா?

தேன்மொழி
இருக்கலாம். கட்டியின் ஆரம், இடைவெளி என்ன வைத்தீர்கள் என்று தெரியாமல் சொல்ல முடியாது. போடுங்கள், இரவு வேலை முடிந்ததும் பார்க்கிறேன்.