கடிதத்தின் முதல் வரிக்கு என்ன பெயர்? உக்ரைனிய விளி வேற்றுமையை முன்வைத்து

மங்கை:
அனைவருக்கும் வணக்கம். தமிழிலிருந்து உக்ரைனிய மொழிக்குக் கடிதங்களைப் பெயர்ப்பவர்களுக்கான குறிப்புத் தாளை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். ஒரு சொல் இல்லாமல் நிற்கிறேன்.

மாதிரிக்கு எடுத்திருப்பது, லிவீவ் நகரில் மருத்துவம் படிக்கும் மாணவியின் பெற்றோர், அவளுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருக்கும் தம்பதிக்கு எழுதும் கடிதம். தமிழில் "மதிப்பிற்குரிய ஒக்சானா பெத்ரீவ்னா அவர்களுக்கு" என்று தொடங்குகிறது. வந்த வரைவில் "ஷனோவ்னீய் ஒக்சானீ பெத்ரீவ்னீ" என்று இருக்கிறது. நம் 'கு' உருபை அப்படியே நான்காம் வேற்றுமையாக்கிவிட்டார்கள். உக்ரைனியர் கண்ணுக்கு அது விண்ணப்பத்தின் மேல்மூலையில் எழுதும் 'பெறுநர்' போலத் தெரியும், ஒருவரைக் கூப்பிட்டதாகத் தெரியாது. அங்கே விளி வேற்றுமைதான் வர வேண்டும்: "ஷனோவ்னா ஒக்சானோ பெத்ரீவ்னோ!"

'விளியைத் திருத்துக' என்று எழுதினால் எந்த விளி என்று கேட்கிறார்கள். வேற்றுமைக்கும் விளி, கடிதத்தின் அந்த முதல் வரிக்கும் விளி. அந்த வரிக்கென்று தனிச்சொல் வேண்டும்.

செங்குட்டுவன்:
தொல்காப்பியர் விளிமரபு என்று ஓர் இயலே வகுத்திருக்கும்போது புதுச்சொல் எதற்கு? "அன் என் இறுதி ஆ ஆகும்மே", சோழன் சோழா ஆகும். பக்கத்தில் இருப்பவனானால் 'சோழ' என்று குறுகும். இ ஈறு ஈ ஆகி நம்பி நம்பீ. ஐ ஈறு ஆய் ஆகி நங்கை நங்காய். பெற்றோரையே "ஒக்சானா அம்மையீர்" என்று எழுதச் சொல்லுங்கள், சிக்கல் தீர்ந்தது.

மங்கை:
ஐயா, பெற்றோர் எழுதிய தமிழை நான் மாற்ற முடியாது. அதில் பிழையும் இல்லை. "அன்புள்ள தம்பிக்கு" என்றுதானே எல்லோரும் எழுதுகிறோம்? வேலையால் விளி, உருபால் நான்காம் வேற்றுமை. அதனால்தான் வேற்றுமைப் பெயரைச் சாராத ஒரு சொல்லைக் கேட்கிறேன்.

ஜெரால்டு:
பெண்பெயர் ஆ-வில் முடிந்தால் ஓ, ஆண்பெயருக்கு ஏ என்று ஒரே வரியில் விதி எழுதிவிடலாமே? ஒக்சானோ, இவானே. இவானே நம் தமிழ் போலவே இருக்கிறது!

அருள்மொழி:
பாதிதான் சரி, ஜெரால்டு. ஒக்சானா, ஒலேனா போல வல்லின மெய்க்குப் பின் 'ஆ' வந்தால் ஓ. மரீயா மரீயே ஆகும். நதால்யா நதால்யு ஆகும். ஆண்களில் இவான் இவானே, தராஸ் தராசே; அந்த்ரீய் அந்த்ரீயு, வசீல் வசீல்யு. 'நண்பன்' என்னும் ட்ரூஹ் ஈற்று மெய்யும் மாறி ட்ரூஜே என்று நிற்கும். இங்கே வல்லினம் என்றது க ச ட த ப ற அல்ல. அவர்கள் இலக்கணத்தில் மெய்கள் வன்மை, மென்மை என்று இரண்டாகப் பிரியும், அதைச் சொன்னேன்.

பெரிய பொறி ஓகாரத்தில் இருக்கிறது. பெத்ரோ ஆண், அது எழுவாய் வடிவம், அழைக்கும்போது பெத்ரே. ஒலெக்சாந்த்ரோ என்று கண்டால் அது ஒலெக்சாந்த்ரா என்ற பெண்ணை அழைப்பது. ஒலெக்சாந்த்ர் என்ற ஆணை அழைத்தால் ஒலெக்சாந்த்ரே. பதில் கடிதம் தமிழுக்கு வரும்போது "அன்புள்ள ஒலெக்சாந்த்ரோவுக்கு" என்று போட்டு, பெண்ணை ஆணாக்கி, இல்லாத பெயரையும் உண்டாக்கிவிடுகிறார்கள். முன்னால் நிற்கும் பெயரடையைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஷனோவ்னா என்றால் பெண், ஷனோவ்னி என்றால் ஆண். அந்தப் பெயரடை விளியில் மாறாது. "ஷனோவ்னோ ஒக்சானோ" என்று அதற்கும் ஓ ஒட்டுவது மிகைத் திருத்தம்.

தமிழ்மணி:
ஸ்லாவா உக்ரைனீ என்கிறார்களே, அதுவும் விளிதானே? நாட்டை அழைப்பது?

அருள்மொழி:
இல்லை. 'உக்ரைனுக்குப் புகழ்' என்பது பொருள், நான்காம் வேற்றுமை. நாட்டை அழைத்தால் உக்ரைனோ. மங்கை காட்டிய வரைவுப் பிழையும் இதே வேற்றுமைதான்.

செங்குட்டுவன்:
அவர்கள் மொழியில் இந்த வேற்றுமையின் பெயர் க்லிச்னி. கூப்பிடுதல் என்னும் வினையடியிலிருந்து வந்தது. நம் விளியும் அதே பொருள். ஆனால் விளிதல் என்றால் இறத்தலும் ஆகும்; "விளிந்தாரின் வேறல்லர் மன்ற" என்கிறது குறள். விளித்தலும் விளிதலும் ஒரே வேரா என்பது ஆராயத்தக்கது. இறந்தாரைப் பெயர் சொல்லி அழைத்து அரற்றும் வழக்கிலிருந்து...

மங்கை:
ஐயா, அதைத் தனி இழையில் தொடருங்கள், கட்டாயம் படிக்கிறேன். இப்போது சொல்லுக்கு வருவோம். என் முன்மொழிவு முகவிளி. கடிதத்தின் முகப்பில் நிற்கும் அழைப்பு.

செங்குட்டுவன்:
முகம் தமிழா வடமொழியா என்ற வழக்கே முடியவில்லை. தலைவிளி என்க.

ஜெரால்டு:
முகவரியை ஏற்றுக்கொண்டவர்கள் முகவிளியையும் ஏற்பார்கள். தலைவிளி என்றால் தலைவியை விளிப்பது போலக் காதில் விழுகிறது. என்னைக் கேட்டால் அழைப்பு வரி போதும். யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அருள்மொழி:
'அழைப்பு' அழைப்பிதழோடு குழம்பும். அதைவிட, 'வரி' என்றால் முதல் வரி மட்டும்தான் என்றாகிவிடும். கடிதத்தின் நடுவிலும் விளி வருகிறதே. மாதிரிக் கடிதத்திலேயே "நீங்கள் சொன்னது போல, ஒக்சானா பெத்ரீவ்னா, மீனா குளிருக்குப் பழகிவிட்டாள்" என்று ஒரு வரி உண்டு. அங்கேயும் ஒக்சானோ பெத்ரீவ்னோ, இரு புறமும் காற்புள்ளி. அதே வரியில் மீனா எழுவாய், அவள் மாறமாட்டாள். வீட்டுக்காரம்மா பதிலில் மீனாவை நேரே அழைத்தால் 'மீனோ' என்பார். பெற்றோர் திடுக்கிட வேண்டாம். அது பிழையல்ல, பெயரைத் தம் மொழிக்குள் எடுத்துக்கொண்டதன் அடையாளம்.

மங்கை:
அப்படியானால் தொடக்கத்தில் வருவது முகவிளி, நடுவில் வருவது இடைவிளி. இரண்டையும் தாளில் சேர்க்கிறேன். கணவருக்கும் சேர்த்துத் திருந்திய வரி: "ஷனோவ்னா ஒக்சானோ பெத்ரீவ்னோ, ஷனோவ்னி அந்த்ரீயு இவானோவிச்சு!" தந்தைவழிப் பெயரும் மாற வேண்டும் என்பதுதான் அதிகம் தவறுகிறது. "ஒக்சானோ பெத்ரீவ்னா" என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். வியப்புக்குறி இட்டால் அடுத்த வரி பெரிய எழுத்தில் தொடங்கும்; காற்புள்ளி இட்டால் சிறிய எழுத்து.

பெண்களுக்கான மரியாதைச் சொல் 'பானி' சேர்க்கலாமா, அருள்மொழி?

அருள்மொழி:
"ஷனோவ்னா பானி ஒக்சானோ" என்று எழுதலாம். பானி மாறாது; ஆணுக்கான பான் மட்டும் பானே ஆகும். ஆனால் பானியையும் தந்தைவழிப் பெயரையும் ஒன்றாக அடுக்காதீர்கள். இரண்டும் தனித்தனி மரியாதை முறை. சேர்த்தால் நடை அறிந்தவர்கள் குறை சொல்வார்கள். குடும்பப் பெயரில் இரு வழக்கு உண்டு: பானே கொவாலென்கோ என்றும் பானே கொவாலென்கு என்றும் காணலாம். தாளில் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். நான் இரண்டாவதைத் தேர்வேன்.

தமிழ்மணி:
ரஷ்ய மொழி படித்தவர்கள் பெயரை மாற்றாமலே அழைக்கிறார்களே, அது தவறா?

அருள்மொழி:
ரஷ்ய மொழியில் இந்த வேற்றுமை வழக்கிழந்துவிட்டது. கடவுளை அழைக்கும் 'போஜே' போன்ற சில எச்சங்களே மிச்சம். உக்ரைனிய மொழியில் அது உயிரோடு இருக்கிறது. சோவியத் கால இலக்கணங்கள் அதை வேற்றுமை என்னாமல் 'விளி வடிவம்' என்று இறக்கி எழுதின. இன்று அவர்கள் வரிசையில் ஏழாம் வேற்றுமையாகவே கற்பிக்கிறார்கள். மாற்றாமல் எழுதினாலும் கடிதம் புரியும். ஆனால் ரஷ்ய வாடை அடிக்கும், இந்நாளில் லிவீவில் அது கட்டாயம் கண்ணில் படும்.

ஜெரால்டு:
முகவிளி, சரி. எனக்கு இன்னும் அழைப்பு வரிதான் பிடித்திருக்கிறது, ஆனால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

மங்கை:
மூவர் முகவிளி, ஒருவர் தலைவிளி. தாளில் முகவிளி, இடைவிளி என்றே போடுகிறேன்.

செங்குட்டுவன்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இடைவிளியை ஏற்கிறேன். முகவிளியை ஏற்கவில்லை. விளிதல் பற்றிய இழையை இன்றிரவு தொடங்குகிறேன்.