வாராவாரம் 249 ரூபாய் போகிறது, ஆப்பை நீக்கியும் நிற்கவில்லை

கோரையாறு:
அப்பா நீடாமங்கலம் பக்கம் விவசாயம் பார்க்கிறார், நான் திருப்பூரில் இருக்கிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் பிளே ஸ்டோரில் தேடி, இலவசம் என்று போட்டிருந்த ஒரு ஸ்கேனர் ஆப்பை இறக்கி வேலையை முடித்துவிட்டார். அப்புறம் பார்த்தால் வாராவாரம் கணக்கிலிருந்து 249 ரூபாய் போகிறது. ஆப்பை அப்போதே நீக்கியாகிவிட்டது, ஆனால் பணம் போவது நிற்கவில்லை. பேங்க் எஸ்எம்எஸ்ஸில் ஆப் பெயரே இல்லை, கூகுள் பிளே என்றுதான் இருக்கிறது. பிளே ஸ்டோரில் சந்தா பக்கத்தைத் திறக்கச் சொன்னேன், அங்கே ஒன்றுமே இல்லை என்கிறார். எங்கே போய் நிறுத்துவது?

நன்னிலத்தான்:
ரொம்ப சிம்பிள் தம்பி. அவர் வைத்திருக்கும் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்று ஒரு இடம் இருக்கும், அதில் கூகுள் பிளே பெயரில் இருப்பதை ரத்து செய்துவிட்டால் கதை முடிந்தது. வேறெதையும் தொட வேண்டாம்.

திருத்துறைப்பூண்டி வடக்கு:
எனக்கும் இதே கொடுமைதான். ரீசார்ஜ் போட்ட இரண்டாம் நாளே பேலன்ஸ் காலி, கேட்டால் ஏதோ பாட்டு சேவையாம். 155223க்கு STOP என்று எஸ்எம்எஸ் அனுப்பினேன், நின்றுவிட்டது. அப்பாவையும் அனுப்பச் சொல்லுங்கள்.

கோரையாறு:
அண்ணே, அது சிம் பேலன்ஸ். இங்கே போவது பேங்க் பணம்.

பாபநாசம் ராணி:
இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கிறேன், காப்பீட்டு சீசன் வந்தாலே இந்தப் புகார் நாலைந்து பேரிடமிருந்து வரும். நன்னிலத்தான் அண்ணன் சொன்னது பாதி சரி. ஆட்டோபேயை மட்டும் வெட்டினால் பணம் போகும் வழி ஒன்றுதான் அடைபடும். சந்தா கூகுள் கணக்கில் உயிரோடுதான் இருக்கும். பணம் வரவில்லை, வேறு வழியில் கட்டு என்று பிளே ஸ்டோர் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கில் கார்டு ஏதாவது மாற்று வழியாகச் சேர்த்து வைத்திருந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அதனால் முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள், ஆட்டோபே அதற்கப்புறம்.

ஆப்பை நீக்கியும் பணம் போவதற்குக் காரணமும் இதுதான். சந்தா ஆப்பில் கிடையாது, அதை வாங்கும்போது பிளே ஸ்டோரில் எந்தக் கூகுள் கணக்கு திறந்திருந்ததோ அதன் பெயரில் இருக்கும். போனையே மாற்றினாலும் அது போகாது. சந்தா பக்கம் காலியாகத் தெரிகிறது என்றீர்கள், அங்கேதான் சந்தேகமே. அந்தப் போனில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜிமெயில் இருக்கிறதா? பிளே ஸ்டோரில் வலது மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டு, பெயருக்குப் பக்கத்திலிருக்கும் அம்புக்குறியை அழுத்தினால் எல்லாக் கணக்கும் வரும். ஒவ்வொன்றாக மாற்றி, Payments & subscriptions, அதற்குள் Subscriptions என்று பாருங்கள். எது என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு ஜிமெயிலிலும் GPA என்று தேடுங்கள். பிளே ஸ்டோர் ரசீது எண் அப்படித்தான் தொடங்கும், அந்த மெயிலிலேயே ஆப் பெயர், தொகை, தேதி எல்லாம் இருக்கும்.

கோரையாறு:
அக்கா, அது தங்கை காலேஜில் வைத்திருந்த பழைய போன். அவள் ஜிமெயில் இன்னும் அதில் இருக்கிறது! அவளிடம் சொல்லித் தேடச் சொன்னேன், ரசீது வரிசையாக வந்து கிடக்கிறது. அவள் அந்த மெயிலைத் திறப்பதே இல்லையாம். ரத்து செய்துவிட்டாள், இப்போது குறிப்பிட்ட தேதி வரை பயன்படுத்தலாம் என்று காட்டுகிறது. அப்படியென்றால் இன்னும் ஒரு வாரம் பணம் போகுமா?

பாபநாசம் ராணி:
போகாது. ஏற்கெனவே பணம் கட்டிய வாரம் முடிகிற தேதி அது. இப்போது யுபிஐ ஆப்பில் போய் ஆட்டோபேயையும் எடுத்துவிடுங்கள், சில ஆப்பில் அதற்கும் யுபிஐ பின் கேட்கும், போடலாம்.

போன பணத்துக்கு வருவோம். ஒவ்வொரு வாரப் பிடித்தமும் தனி ரசீது. பிடித்து 48 மணி நேரத்துக்குள் இருப்பதைக் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம், தங்கை கணக்கில் நுழைந்து play.google.com தளத்தில் அந்த ஆர்டரைத் திறந்து கேட்க வேண்டும். அதற்கு முந்தைய வாரங்களுக்கு ஆப் செய்தவரிடம்தான் போகச் சொல்வார்கள், அவர்கள் பதில் போடுவார்கள் என்று நான் வாக்குத் தர மாட்டேன். சிலருக்கு வந்திருக்கிறது.

நன்னிலத்தான்:
சரி, சந்தா விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. யுபிஐ பின் போடாமல் எப்படி முதல் தடவை பணம் எடுத்தான்?

பாபநாசம் ராணி:
பின் போட்டுத்தான் இருப்பார் அண்ணே. ஆப்பைத் திறந்ததும் முழுத் திரைக்கு ‘3 நாள் இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் வரும், கீழே பச்சையாகத் ‘தொடரவும்’ பொத்தான். மூடுவதற்கான பெருக்கல் குறி சாம்பல் நிறத்தில், அதுவும் சில நொடி கழித்துத்தான் எட்டிப்பார்க்கும். விலை அடியில் பொடி எழுத்தில் இருக்கும். தொடரவும் தொட்டால் பிளே ஸ்டோரின் வெள்ளைப் பட்டை கீழிருந்து எழும். அந்தப் பட்டையை மட்டும் படித்தால் போதும், இன்ன தேதி முதல் வாரத்துக்கு இவ்வளவு என்று அதில் தெளிவாக இருக்கும். இலவசம்தானே என்று நினைத்து ஜனங்கள் அங்கேயே பின்னைப் போட்டுவிடுகிறார்கள். நிஜமாகவே இலவசமான ஆப் பின் கேட்காது, அப்பாவுக்கு இந்த ஒன்றைச் சொல்லிவையுங்கள், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

வாரக் கணக்கில் விலை வைப்பதும் அதற்குத்தான். 249 சின்னத் தொகை மாதிரி தெரிகிறது, வருஷத்துக்கு 12,948 ரூபாய் ஆகிறது. ஒரு ஸ்கேனருக்கு! கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது, பல பக்கத்தை ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரும். க்யூஆர் ஸ்கேனர், டார்ச் லைட் என்று இறக்குவதும் வீண், இப்போதைய போன்களில் அதெல்லாம் உள்ளேயே வருகிறது. இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ‘இந்த ஆப்பைப் பற்றி’ என்ற பகுதியில் கடைசி வரை போய் உள்கட்டண விலை எவ்வளவு என்று பாருங்கள், அப்புறம் விமர்சனங்களில் ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படியுங்கள். ஐந்து நட்சத்திரக்காரர்கள் முதல் நாள் எழுதியவர்கள்.

கோரையாறு:
இன்னொன்று கவனித்தேன். பணம் போவதற்கு முந்தைய நாளே ஒவ்வொரு முறையும் ‘நாளை பிடிக்கப்படும்’ என்று இங்கிலீஷில் எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. அப்பா விளம்பரம் என்று விட்டிருக்கிறார்.

பாபநாசம் ராணி:
ஆமாம், ஆட்டோபேயில் 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. தானாகப் பணம் பிடிக்கக் கொடுத்த அனுமதியைத்தான் ‘மேண்டேட்’ என்பார்கள், அந்தச் சொல்லோடு எஸ்எம்எஸ் வந்தால் உங்களுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். இந்த வாரப் பணத்துக்கு இன்றைக்கே கேட்டுவிடுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

கோரையாறு:
கேட்டாகிவிட்டது, பரிசீலனையில் இருக்கிறது என்று வந்திருக்கிறது. பழையதற்கு ஆப்காரனுக்கு மெயில் போட்டிருக்கிறேன், இதுவரை சத்தமில்லை.

மேலவாசல்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்கும் வாராவாரம் போகிறது, ஆனால் எஸ்எம்எஸ்ஸில் கூகுள் பிளே இல்லை, கேள்விப்படாத ஏதோ கம்பெனி பெயர். எல்லா ஜிமெயிலிலும் பார்த்துவிட்டேன், GPA எதுவும் இல்லை.

பாபநாசம் ராணி:
அப்படியானால் அது பிளே ஸ்டோர் வழியாக எடுத்ததில்லை. ஏதோ வெப்சைட்டிலோ விளம்பர லிங்கிலோ நேராக யுபிஐ மேண்டேட் கொடுத்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் நன்னிலத்தான் அண்ணன் சொன்னது முழுசாகப் பொருந்தும், முதலில் ஆட்டோபேயை வெட்டுங்கள். எத்தனை யுபிஐ ஆப் வைத்திருக்கிறீர்கள்? எதில் பின் போட்டீர்களோ அதில் இருக்கும், ஒவ்வொன்றிலும் பாருங்கள்.

மேலவாசல்:
மூன்று இருக்கிறது. இரண்டில் பார்த்தேன், இல்லை. மூன்றாவது பழைய நம்பரில் இருந்தது, திறக்க மாட்டேன் என்கிறது.

பாபநாசம் ராணி:
அப்போது நேராகப் பேங்குக்கே போங்கள், எஸ்எம்எஸ்ஸைக் காட்டி அந்த மேண்டேட்டை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுங்கள்.