வீட்டுக் கல்யாணப் பந்தலில் விருந்தாளிக்கு ஷாக், இடுப்பு எலும்பு முறிவு: செலவு யார் பொறுப்பு?

கதிர் (தஞ்சை):
எங்க சித்தப்பா வீட்டுக் கல்யாணம். வாசலில் இரும்புக் குழாய்ப் பந்தல், சீரியல் பல்பு, வாடகை ஜெனரேட்டர். சாயங்காலம் தூறல், கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், 62 வயது, கை கழுவிவிட்டு வரும்போது பந்தல் காலைப் பிடித்தார். ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டதில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், பில் 2.4 லட்சம். பந்தல்காரர் கையை விரிக்கிறார். சட்டப்படி யார் கொடுக்கணும்? இதுபோல் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முருகையன்:
தம்பி, வீட்டுக்காரர்தான் கொடுக்கணும். பத்திரிகை வைத்துக் கூப்பிட்டது அவர், இடமும் அவருடையது. இன்னொன்று, விபத்து என்றால் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை உண்டே, இன்னுயிர் காப்போம் திட்டம். அதைக் கேட்டீர்களா?

ரேவதி (வழக்கறிஞர், கடலூர்):
முருகையன் அண்ணே, அந்தத் திட்டம் சாலை விபத்துக்கு மட்டும்தான். பந்தலில் ஷாக் அடித்து விழுந்தவருக்குப் பொருந்தாது. இவருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்து, அந்த ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்திருந்தால் அதைக் கேட்டுப் பார்க்கலாம். வீட்டுக்காரர் பொறுப்பு என்றது பாதி சரி. கூப்பிட்டதனாலேயே பொறுப்பு வந்துவிடாது. கவனக்குறைவு இருந்தது, அதனால்தான் காயம் என்று காட்ட வேண்டும். கதிர், ஆஸ்பத்திரியில் என்ன சொல்லிச் சேர்த்தீர்கள்?

கதிர்:
"வழுக்கி விழுந்துட்டார்" என்று. கல்யாண வீட்டில் போலீஸ் வரக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

சேகர் (வயர்மேன், மதுரை):
முதலில் கரண்ட் எப்படி வந்தது என்று பாருங்க, அதில்தான் பொறுப்பே இருக்கு. நான் பார்த்த இந்த மாதிரிக் கேஸ்களில் காரணம் அநேகமாக ஒன்றுதான். சீரியல் வயரை இரும்புக் காலில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுவார்கள். மெல்லிய வயர், தோல் கிழியும். ஜாயிண்டில் சுற்றிய டேப்பில் தூறல் இறங்கும். பந்தல் முழுக்க ஒரே இரும்பு என்பதால் ஒரு காலில் ஏறிய கரண்ட் எல்லாக் காலிலும் நிற்கும். கை கழுவுற இடத்தில் ஈரத் தரை, ஈரக் கை. அங்கேதான் ஆள் விழுவார்.

லோடு கூடினால் லைனை அணைக்கிற எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்பீர்கள். ஆளைக் கொல்ல அரை ஆம்பியர் கூட வேண்டாம், 6 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கவனிக்காது. அதைப் பிடிக்கிறது, கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டுற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அது உங்க சித்தப்பா வீட்டு மெயினில் இருந்தாலும் ஜெனரேட்டர் லைன் அதைத் தாண்டி நேராகப் பந்தலுக்குப் போயிருந்தால், அது இருந்தும் இல்லாத கணக்குதான்.

லைனை ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவரையும் பாருங்க. ஃபேஸை மட்டும் மாற்றி, நியூட்ரலை ஈ.பி. நியூட்ரலோடு பொதுவாக விட்டிருந்தால், அந்த வழியாக ஜெனரேட்டரும் எர்த்தோடு சேர்ந்துவிடும். அப்போது காலைத் தொட்டவர் உடம்பு வழியாகத்தான் பாதை. வயர், டேப் ஜாயிண்ட், அது கட்டியிருந்த கால், சேஞ்ச் ஓவர், எல்லாவற்றையும் கிட்ட நின்று போட்டோ எடுங்க. வயரைக் கழற்றியிருந்தால் தூக்கி எறியாமல் வைக்கச் சொல்லுங்க.

பந்தல் பாய்:
நாங்க எப்பவும் திருடன் மாதிரிதான். பந்தலுக்குத் தனி போர்டு, தனி ஆர்.சி.சி.பி., எர்த் ராடு வைக்கணும்னா கூடுதல் காசு. "ஒரு நாளுக்கு எதுக்கு, மீட்டர் பக்கத்துல இருந்து எடுத்துக்க" என்று வீட்டுக்காரரே சொல்வார். அப்புறம் யார் பொறுப்பு?

ரேவதி:
நீங்கள் சொன்னதுதான் வழக்கின் முடிச்சு. தொழில் தெரிந்த ஒருவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டால், அவருடைய தவறு பொதுவாக வீட்டுக்காரர் தலையில் வராது. ஆனால் பாதுகாப்பு வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தாலோ, ஆபத்து தெரிந்தும் சும்மா இருந்திருந்தாலோ வரும். மின் கம்பத்தில் கொக்கி போட்டிருந்தால் மின்சாரச் சட்டம் 2003-இன் 135-ஆவது பிரிவில் திருட்டு வழக்கு தனியாக. கதிர், பந்தலில் ஷாக் அடிக்கிறது என்று அதற்கு முன்னால் யாராவது சொன்னார்களா?

கதிர்:
மதியம் ஒரு பையன் "கம்பியைத் தொட்டா ஜிவ்வுங்குது" என்றான். சித்தப்பா காதில் விழுந்தது. சாப்பாட்டு வேலையில் "அந்தப் பக்கம் போகாதடா" என்று சொல்லிவிட்டார். வயர்மேனிடம் சொல்லவில்லை.

ரேவதி:
அப்படியென்றால் சித்தப்பா பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. தெரிந்த பிறகு லைனை நிறுத்தவில்லை, அந்தக் காலைச் சுற்றிக் கயிறுகூடக் கட்டவில்லை. நீதிமன்றம் போனால் பந்தல்காரர், ஜெனரேட்டர் இணைத்தவர், வீட்டுக்காரர் மூவருக்கும் பங்கு பிரியலாம். எவ்வளவு என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது.

கிரிமினலில் பாரதிய நியாய சன்ஹிதா 125-ஆவது பிரிவு வரும். எலும்பு முறிவு கொடுங்காயம், 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். உயிர் போயிருந்தால் 106-ஆவது பிரிவு, அதில் அந்த வழி கிடையாது. நஷ்டஈட்டு வழக்குக்கு 3 ஆண்டு அவகாசம். பந்தல்காரர் மேல் நுகர்வோர் ஆணையத்திலும் 2 ஆண்டுக்குள் போகலாம். காசு கொடுத்தவர் சித்தப்பா என்றாலும், அவர் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவரும் நுகர்வோர்தான் என்று சட்டம் சொல்கிறது. விருந்தாளி அதில் வருவாரா என்று எதிர்த்தரப்பு சண்டை போடும்.

செல்வராணி:
எங்க வீட்டு விசேஷத்தில் பந்தல் போட்ட பையன் ஏணியிலிருந்து விழுந்து கை உடைந்தது. அதற்கும் இதே சட்டமா?

ரேவதி:
அக்கா, அவர் விருந்தாளி இல்லை, தொழிலாளி. முன்பு 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி, 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இன்படி, அவருடைய முதலாளி, அதாவது பந்தல்காரர், கொடுக்கணும். வேலை கொடுத்தவர் மேலும் அந்தப் பொறுப்பு ஏறுவது அவர் தன் தொழிலுக்காகக் கொடுத்த வேலைக்கு. வீட்டு விசேஷம் அதில் வராது என்பதே என் வாதம்.

ஜெயந்தி (செவிலியர்):
எல்லோரும் ஏ.ஆர். பதிவை விட்டுவிட்டீர்கள். எப்படிக் காயம் என்று முதலில் சொல்வதை டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார், பின்னால் அதை மாற்ற மாட்டார்கள். "வழுக்கி விழுந்தார்" என்று இருந்தால் ஷாக் என்று நிரூபிக்கப் பெரும்பாடு. வைத்தியத்துக்கும் கெடுதல். ஷாக் என்றால் உடனே இ.சி.ஜி. எடுத்து இதயத் துடிப்பைக் கவனிக்கணும், வழுக்கி விழுந்தவருக்கு அந்தக் கோணத்தில் பார்க்க மாட்டார்கள். இப்போதாவது டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்க. கையில் தீய்ந்த தடம் இருந்தால் கேஸ் ஷீட்டில் குறிக்கச் சொல்லுங்க.

கதிர்:
உள்ளங்கையில் கறுப்பாக ஒரு புள்ளி இருக்கிறது, மருதாணிக் கறை என்று நினைத்தோம். வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது, அதில் வருமா?

ரேவதி:
வீட்டுக்கும் சாமானுக்கும் மட்டும் எடுத்த பாலிசி என்றால் வராது. மூன்றாம் நபர் பொறுப்பு என்று தனிப் பிரிவு சேர்த்திருக்கிறார்களா என்று பாலிசித் தாளில் பாருங்கள்.

மாப்பிள்ளை வீட்டோடு பேசப் போகும்போது பணத்தை ஆஸ்பத்திரிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள், கையில் கொடுக்காதீர்கள். "மருத்துவ உதவி" என்று எழுதினால் போதும், தவறை ஒப்புக்கொண்டதாக எழுத வேண்டாம். பந்தல்காரருக்கு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, பில் நகலும் சேகர் சொன்ன போட்டோக்களும் இணையுங்கள்.

பந்தல் பாய்:
நோட்டீஸ் வந்தால், காசு மிச்சம் பிடிக்கச் சொன்னது வீட்டுக்காரர்தான் என்று அவரும் பதில் போடுவார். அதையும் எதிர்பாருங்க.

சேகர்:
போடட்டும். வீட்டுக்காரர் சொன்னாலும் ஜாயிண்டை இரும்பில் கட்டச் சொல்லியிருக்க மாட்டாரே. கதிர், அடுத்த விசேஷத்துக்கு ஜெனரேட்டர் நியூட்ரலையும் பாடியையும் எர்த் ராடில் கட்டி, அதற்குப் பிறகு ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்க. நியூட்ரல் எர்த் ஆகாமல் இருந்தால் ஆர்.சி.சி.பி. விழாமலே போகலாம். ஜெனரேட்டர் ஓடும்போது டெஸ்ட் பட்டனை அமுக்கி, பந்தல் விளக்கு அணைகிறதா என்று நீங்களே நின்று பாருங்க.