வழக்கமான ஏஜெண்டுகளுக்கு ரேட் உயர்வுக் கடிதம் அனுப்பினேன்: என் அனுபவம், உங்களுடையதும் சொல்லுங்கள்

ஊட்டி விடுதி

ஊட்டியில் 22 அறை வைத்து நடத்துகிறோம். எங்கள் வியாபாரத்தில் பாதிக்கு மேல் 14 டிராவல் ஏஜெண்டுகள் தருவது. சென்னை, கோவை, மதுரை, பெங்களூரு, கொச்சி எல்லாம் பல வருடப் பழக்கம். போன வருடம் அவர்களுக்கு ரேட் ஏற்றிக் கடிதம் போட்டதில் ஒரு இடத்தில் தவறினேன், ஒரு இடத்தில் தப்பித்தேன். அதே வேலையில் இருக்கும் யாருக்காவது உதவலாம் என்று எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது தெரியும். ஆனால் லாண்டரி, ரிப்பேர், ஜெனரேட்டர் பராமரிப்பு, ஆன்லைன் புக்கிங் கமிஷன் எல்லாவற்றுக்கும் நாங்கள் கட்டும் வரியை இனித் திரும்ப எடுக்க முடியாது. எனக்கு அது மாதம் சுமார் 38,000. சராசரியாக மாதம் 330 அறை-இரவு விற்கிறேன். வகுத்துப் பார்த்தால் அறைக்கு 115 ரூபாய் கையை விட்டுப் போகிறது. சம்பளம், கரண்டுக்கு 35 சேர்த்து, ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கும் வரி சேர்க்காத 2,400 நெட் ரேட்டை 2,550 ஆக்க முடிவு செய்தேன்.

கணக்கைப் பாருங்கள். முன்பு ஏஜெண்ட் கட்டியது வரியோடு 2,688. புது ரேட்டில் 2,677 ரூபாய் 50 காசு. அவருக்குப் பத்து ரூபாய் குறைவுதான். ஆனாலும் சண்டை வந்தது. ஏனென்றால் நான் கடிதம் போட்டது நவம்பர் 10. அதற்குள் ஏழு வாரம் பழைய 2,400-க்கு 5 சதவீதம் போட்டு 2,520 என்று பில் கொடுத்துப் பழக்கிவிட்டேன். அவர்கள் அந்த 2,520-ஐ வைத்துத்தான் பேக்கேஜ் போட்டிருந்தார்கள். அவர்கள் பார்வையில் நான் 157 ரூபாய் ஏற்றியவள். செப்டம்பரிலேயே, வரி மாறிய வாரத்திலேயே எழுதியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

கடிதத்தின் நடுப்பகுதி இது:

"2026 ஜனவரி 1 முதல் புதிய புக்கிங்குக்கு அறை நெட் ரேட் ரூ.2,550, வரியோடு ரூ.2,677.50. கடந்த ஆகஸ்டில் நீங்கள் கட்டியது ரூ.2,688. டிசம்பர் 31-க்குள் விருந்தினர் பெயரோடு அட்வான்ஸ் வந்த புக்கிங்குகள், மார்ச் 31 வரை எப்போது தங்கினாலும் பழைய ரேட்டே. ஏற்கெனவே நீங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்த கொட்டேஷன் இருந்தால் அதன் நகலை அனுப்புங்கள், அதையும் மதிப்போம். ஏப்ரல், மே சீசன் ரேட் தனியாக வரும்."

ஆகஸ்ட் ரேட்டைச் சொல்லும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, கோபமாகப் போன் செய்த மூன்று பேர் இறங்கி வந்தார்கள்.

மதுரை டூர்ஸ்

அக்கா, மறுபக்கத்தில் இருந்து சொல்கிறேன். ராமேஸ்வரம், மதுரை, கொடைக்கானல், ஊட்டி என்று பேக்கேஜ் விற்கிறவன் நான். ரேட் ஏறுவதைவிட, கட்டிக்கொடுத்த விலை நடுவில் மாறுவதுதான் எங்களைக் கொல்லும். ஒரு குடும்பத்துக்கு நவம்பரில் விலை சொல்லி அட்வான்ஸ் வாங்கியிருப்பேன், அவர்கள் பிப்ரவரியில் வருவார்கள். அந்த வித்தியாசத்தை அவர்களிடம் கேட்கவே முடியாது. அதனால் தங்கும் தேதியை வைக்காமல், அட்வான்ஸ் வந்த தேதியை வைத்து நீங்கள் ரேட் பிரித்தது சரி. ஒரு கொடைக்கானல் விடுதி "1-ம் தேதி முதல் செக்-இன் எல்லாம் புது ரேட்" என்று போட்டது. ஏற்கெனவே விற்ற 11 அறைக்கு வித்தியாசம் என் கையிலிருந்து போனது. அங்கே இப்போது ஆள் அனுப்புவதில்லை.

கோவை கணக்கு

ஜி.எஸ்.டி. பில் கொடுத்தால் ஏஜெண்ட் அந்த வரியைத் தான் கட்டும் வரியில் கழித்து, கிரெடிட் எடுத்துக்கொள்வார். அதனால் அவருக்கு நெட் ரேட் மட்டும்தான் முக்கியம். 2,688-ஐயும் 2,677-ஐயும் ஒப்பிட்டுக் காட்டுவது ஏமாற்று மாதிரி தெரியும்.

மதுரை டூர்ஸ்

சார், பாதி சரி. டூர் ஆபரேட்டர் 5 சதவீதத்தில் பில் போட்டால் ஓட்டல் வரியைக் கிரெடிட் எடுக்க வழியில்லை. எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் பெரும்பாலும் அப்படித்தான். எங்களுக்கு மொத்தத் தொகைதான் விலை. 18 சதவீதத்தில் பில் போடுகிறவர் எடுக்கலாம். ஆனால் ஓட்டல் இருக்கிற மாநிலத்து வரிதான் அந்தப் பில்லில் விழும், கொச்சிப் பதிவு வைத்திருப்பவருக்கு ஊட்டி பில்லால் பலனில்லை.

ஊட்டி விடுதி

கோவை சார் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. 14 பேரில் சென்னையில் ஒருவர் கம்பெனி டூர் செய்கிறவர், 18 சதவீதத்தில் பில் போடுபவர். அவர் நெட்டைத்தான் பார்த்தார், அவருக்கு 150 முழுக்க ஏற்றம். அவருக்கு மட்டும் தனியாகப் பேசி ஆஃப் சீசனில் 2,480 கொடுத்தேன். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பாமல், யார் எப்படிப் பில் போடுகிறார்கள் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

குன்னூர் பயணி

ஏஜெண்ட் மூலம் போட்டால் 2,677 என்றால் நேரில் வந்தால் எவ்வளவு? ஏப்ரலில் குடும்பத்தோடு வர யோசனை.

ஊட்டி விடுதி

நேரில் வருபவருக்கு ஏஜெண்ட் ரேட்டுக்குக் கீழே நான் கொடுப்பதில்லை. கொடுத்தால் ஏஜெண்டுக்குத் தெரிந்த அன்றே உறவு முடிந்தது. ஏப்ரல் சீசன் ரேட் வேறு, அதற்கு முன் வாகன இ-பாஸ் கிடைக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆலப்புழா படகு

ஹவுஸ்போட் வைத்திருக்கிறேன். எனக்குச் செலவு ஏறுவது டீசலில். கடிதத்தில் காரணம் நாலைந்து எழுதினேன். ஏஜெண்டுகள் ஒவ்வொன்றையும் பிடித்துப் பேரம் பேசினார்கள். "டீசல் இறங்கினால் ரேட் இறக்குவீர்களா" என்று ஒருவர் கேட்டார், பதில் இல்லை. நீங்கள் காரணங்களை அடுக்காமல் விட்டது நல்லது. அவகாசம் கொடுத்ததில் யாரும் விளையாடவில்லையா?

ஊட்டி விடுதி

விளையாடினார்கள். பழைய ரேட்டைப் பிடிக்க, ஒரு ஏஜெண்ட் டிசம்பர் 20-ம் தேதி பொங்கல் விடுமுறைக்கு, ஜனவரி 15 முதல் 18 வரை, 12 அறை பிளாக் செய்தார். அனுப்பிய பட்டியலில் எல்லாப் பெயருக்கும் ஒரே போன் நம்பர். எந்த அறையிலும் குழந்தை இல்லை, சாப்பாட்டுத் தேவை எழுதவில்லை. உண்மையான குடும்பப் பட்டியல் அப்படி இருக்காது. கடிதத்தில் அட்வான்ஸ் என்று எழுதினேனே தவிர எவ்வளவு, எத்தனை நாளில் என்று எழுதவில்லை. பழகியவர் ஆயிற்றே என்று ஆயிரம் ரூபாய் டோக்கனை வாங்கி வைத்துக்கொண்டேன். ஜனவரி 8-ம் தேதி 9 அறையைத் திருப்பிவிட்டார். அதில் நான்கைத்தான் விற்க முடிந்தது.

உடனே எல்லோருக்கும் ஒரு பக்கச் சேர்க்கை அனுப்பினேன்: பழைய ரேட் வேண்டுமானால் மொத்தத்தில் 25 சதவீதம், ஐந்து நாளுக்குள். வராவிட்டால் அறை தானாக விடுபடும். யாரும் மறுப்புச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

மதுரை டூர்ஸ்

25 சதவீதம் சரி. ஆனால் வெளிநாட்டு குரூப் வரிசையாக அனுப்புகிறவர்கள் ஒரு வருடத்துக்கு முன்பே விலை அச்சடித்துவிடுவார்கள். அவர்களுக்கு மார்ச் 31 பத்தாது. என்ன செய்தீர்கள்?

ஊட்டி விடுதி

பெங்களூரு ஏஜெண்ட் அதைத்தான் கேட்டார். அக்டோபர் வரை பழைய ரேட் வேண்டுமாம். அவருக்குச் செப்டம்பர் வரை பாதி உயர்வு, 2,475 என்று எழுதியிருக்கிறேன். வரியோடு 2,598 ரூபாய் 75 காசு. இன்னும் பதில் வரவில்லை.