புதுப்பிப்பு: சராசரி விலை 230ஆ, 260ஆ?

"120 பங்கு விற்ற பிறகு என் ஷீட்டில் சராசரி விலை 230, புரோக்கர் ஆப்பில் 260. எது சரி?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

வாங்கியது 200 ரூபாய்க்கு 100, அப்புறம் 260க்கு 100, விற்றது 300க்கு. டீமேட்டில் முதலில் வந்த பங்குதான் முதலில் போகும், வருமான வரிக்கும் அதே வரிசை என்று ஆடிட்டர் அண்ணன் ஒருவர் இங்கே விளக்கினார். அப்படியானால் போனது பழைய 100, புதியதில் 20. அடக்கம் 25,200, கைக்கு வந்த லாபம் 10,800. மிச்சம் 80-ம் 260 ரூபாய்ச் சரக்கு.

"எப்படிப் போட்டாலும் லாபம் ஒன்றுதானே" என்று இன்னொருவர் கேட்டார். பாதி சரி. இன்றைய விலை 280 என்றால் கைக்கு வராத லாபம் 1,600, மொத்தம் 12,400. எல்லாப் பங்கையும் 230 என்று வைக்கும் சராசரி முறையில் 8,400-ம் 4,000-ம், அதே 12,400. ஆனால் இந்த வருடம் வரிக்குக் காட்ட வேண்டியது 10,800, 8,400 அல்ல.

அதனால் ஷீட்டை மாற்றிவிட்டேன். ஒவ்வொரு வாங்கலுக்கும் தனி வரிசை, பக்கத்தில் 'மீதி' என்று ஒரு பத்தி. விற்கும்போது மேலிருந்து மீதியைக் கழிக்கிறேன். D மீதி, C விலை:

```
=SUMPRODUCT(C2:C50,D2:D50)/SUM(D2:D50)
```

இப்போது 260 வருகிறது. எல்லாம் விற்றுத் தீர்ந்தால் #DIV/0! காட்டும், பயப்பட வேண்டாம்.

"எனக்கு போனஸ் பங்கு வந்தது, சராசரி பாதியாகிவிட்டதே" என்றவருக்கு: போனஸை விலை 0 என்று தனி வரிசையில், ஒதுக்கிய தேதியோடு போடுங்கள். நிறுவனம் இரண்டாகப் பிரிந்தால் பழைய அடக்க விலையை எப்படிப் பங்கிட்டு எழுதுகிறீர்கள்? அது இன்னும் பாக்கி.